பத்து விழுக்காடு எந்த வழியாக வந்தது?

பங்குத் தரகு நிறுவனங்களின் செயலியைத் திறந்தால் DY என்று ஒரு பத்தி இருக்கும். அதன் தலைப்பைத் தொட்டால் போதும், புர்சா மலேசியா பங்குச் சந்தையில் உள்ள கவுண்டர்கள், அதாவது பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் எல்லாம் டிவிடெண்ட் யீல்டின்படி மேலிருந்து கீழாக வரிசைகட்டி நின்றுவிடும். மேலே 20 விழுக்காடு, 15 விழுக்காடு, 12 விழுக்காடு என்று இருக்கும். நமக்குத் தெரிந்த வங்கிகளும் மின்சாரக் கம்பெனியும் வெகு கீழே எங்கோ கிடக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் என் அத்தை இந்தப் பட்டியலைக் காட்டித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டார்: "இபிஎஃப் ஆறு விழுக்காடுதான் குடுக்குது. இங்க பதினஞ்சுன்னு போட்டிருக்கு. பாதிப் பணத்தை எடுத்து இதுல போட்டா என்னப்பா?"

நான் கோலாலம்பூரில் கணக்குத் துறையில் வேலை செய்பவன். உறவினர்கள் பங்குகளைப் பற்றி என்னிடம் கேட்பது வழக்கம். பெரும்பாலும் "எந்தக் கவுண்டர் ஏறும்" என்பதுதான் கேள்வியாக இருக்கும், அதற்கு என்னிடம் பதில் கிடையாது. அத்தை கேட்டது அப்படிப்பட்ட கேள்வி இல்லை. அதற்கு ஒழுங்கான பதில் உண்டு. அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில், அவர் அப்படிக் கேட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம்மில் பலருக்கு டிவிடெண்ட் அறிமுகமானதே இபிஎஃப் வழியாகவும் அமானா சஹாம் மலேசியா வழியாகவும்தான். அமானா சஹாம் மலேசியாவில் ஒரு யூனிட்டின் விலை எப்போதும் ஒரு ரிங்கிட். இபிஎஃப்பில் போட்ட முதல் குறையாது. 2023இல் 5.50 விழுக்காடு, 2024இல் 6.30 விழுக்காடு என்று அறிவிப்பார்கள், அது அப்படியே கணக்கில் ஏறும். முதல் அசையாத இடத்தில் விழுக்காடு ஒன்றை மட்டும் பார்த்தால் போதும், அதிகம் என்றால் நல்லது. பங்குச் சந்தையில் முதல் அசையும். யீல்டு என்ற பின்னத்தின் கீழே இருப்பது பங்கின் விலை. அது சந்தை திறந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மாறுகிறது. ஆகவே கம்பெனி ஒரு சென் கூடக் கூடுதலாகக் கொடுக்காமலேயே அதன் யீல்டு இரட்டிப்பாகலாம்.

இரண்டு அளவுகளையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஒரு பங்குக்கு ஓர் ஆண்டில் கொடுத்த டிவிடெண்டைப் பங்கின் இன்றைய விலையால் வகுத்தால் வருவது டிவிடெண்ட் யீல்டு. அதே டிவிடெண்டை, ஒரு பங்குக்குக் கம்பெனி ஈட்டிய லாபத்தால் வகுத்தால் வருவது பேஅவுட் விகிதம். மேலே இருக்கும் எண் இரண்டிலும் ஒன்றுதான். கீழே இருப்பதுதான் வேறு, ஒன்றில் சந்தை சொல்லும் விலை, மற்றதில் கம்பெனியின் லாபம். DPS என்பது ஒரு பங்குக்கான டிவிடெண்ட், EPS என்பது ஒரு பங்குக்கான லாபம், Price என்பது விலை என்று வைத்துக்கொண்டால், இரண்டையும் இப்படி இணைக்கலாம்:

```
DPS / Price = (DPS / EPS) × (EPS / Price)
```

இடது பக்கம் யீல்டு. வலது பக்கத்தின் முதல் பின்னம் பேஅவுட் விகிதம். இரண்டாவது பின்னம், விலையோடு ஒப்பிடும்போது லாபம் எவ்வளவு என்பது. விலையை லாபத்தால் வகுத்தால் வரும் பி.இ. விகிதத்தைத் தலைகீழாகத் திருப்பினால் அதுதான். அதாவது செயலியில் தெரியும் யீல்டு ஒற்றை எண் அல்ல, இரண்டு எண்களின் பெருக்கல். அதைப் பிரித்துப் பார்க்காதவரை அது எதையும் சொல்வதில்லை என்பது என் கருத்து.

ஒரு கவுண்டரை வைத்துக்கொள்வோம். விலை 2 ரிங்கிட், ஒரு பங்குக்கு லாபம் 20 சென், டிவிடெண்ட் 10 சென். பேஅவுட் 50 விழுக்காடு, யீல்டு 5 விழுக்காடு. அடுத்த ஆண்டு இதே கவுண்டர் பட்டியலில் 10 விழுக்காடு யீல்டுடன் நிற்கிறது. அந்தப் பத்து எப்படி வந்திருக்கலாம்?

ஒரு வழி, விலை 1 ரிங்கிட்டுக்கு விழுந்தது. டிவிடெண்ட் அதே 10 சென், பேஅவுட் அதே 50. கம்பெனி எதையும் மாற்றவில்லை, சந்தைதான் விலையைப் பாதியாக்கியது. இன்னொரு வழி, விலை 2 ரிங்கிட்டிலேயே இருக்க, கம்பெனி தன் லாபம் முழுவதையும், 20 சென்னையும், டிவிடெண்டாகக் கொடுத்துவிட்டது. பேஅவுட் 100. மூன்றாவது வழி, லாபம் 20 சென்னிலிருந்து 40 சென்னாகிவிட்டது. அதில் பாதி, 20 சென், டிவிடெண்ட். பேஅவுட் பழையபடி 50, ஆனால் விலை மட்டும் ஏறாமல் 2 ரிங்கிட்டிலேயே இருக்கிறது.

செயலியில் மூன்றுக்கும் ஒரே 10.00 தெரியும். பங்குதாரர் கேட்க வேண்டிய கேள்வி மூன்றுக்கும் வேறு வேறு. முதல் வழியில், லாபம் விழப்போகிறது என்று சந்தை நினைக்கிறதா, அது சரியா? லாபம் பாதியானால், அதே 50 விழுக்காட்டு பேஅவுட்டில் டிவிடெண்ட் 5 சென், 1 ரிங்கிட் விலைக்கு யீல்டு மறுபடியும் 5 விழுக்காடு. விலை விழுந்ததே அந்த 5 சென்னை எதிர்பார்த்துத்தான் இருக்கலாம். இரண்டாவது வழியில், லாபம் முழுவதையும் கொடுத்துவிட்டு அடுத்த ஆண்டு இயந்திரங்களுக்குப் பணம் எங்கிருந்து வரும்? மூன்றாவது வழியில், இவ்வளவு லாபம் வந்தும் விலை ஏன் ஏறவில்லை, இந்த லாபம் நிற்காது என்று எல்லோரும் நினைக்கிறார்களா?

இந்த மூன்றாவது வழிக்கு மலேசியாவிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. அத்தைக்கும் அதைத்தான் சொன்னேன், ஏனென்றால் 2020இல் எல்லோர் வாயிலும் அந்தப் பெயர்தான். டாப் குளோவ், கையுறை தயாரிக்கும் கம்பெனி. கோவிட் வந்ததும் உலகம் முழுவதும் மருத்துவக் கையுறைக்குத் தட்டுப்பாடு வந்தது, விலை பல மடங்கு ஏறியது. 2019 ஆகஸ்டில் முடிந்த நிதியாண்டில் சுமார் 365 மில்லியன் ரிங்கிட்டாக இருந்த லாபம், 2021 ஆகஸ்டில் முடிந்த நிதியாண்டில் எட்டு பில்லியனை நெருங்கியது. இருபது மடங்குக்கும் மேல். அந்த 2021 நிதியாண்டுக்கு மட்டும் கம்பெனி கொடுத்த மொத்த டிவிடெண்ட் ஒரு பங்குக்கு 65.1 சென். நான்கு தவணையாக வந்தது: 16.5, 25.2, 18, கடைசியாக 5.4 சென். ஒரு பங்குக்கான லாபம் ஒரு ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவு. ஆக பேஅவுட் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு.

2021 டிசம்பர் வாக்கில் பங்கின் விலை இரண்டரை ரிங்கிட் அளவுக்கு வந்திருந்தது. 65.1 சென்னை 2.50ஆல் வகுத்துப் பாருங்கள், 26 விழுக்காடு. பட்டியலை வரிசைப்படுத்தினால் உச்சியில் வந்து நிற்கும் எண் அது. பேஅவுட்டையும் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால், அதுவும் சுமார் 66 விழுக்காடுதான், பயமுறுத்தும் எண் இல்லை. இரண்டு அளவும் நன்றாகத் தெரிந்தும் உள்ளே இருப்பது தெரியாமல் போகும் இடம் இதுதான். பேஅவுட் விகிதத்தின் கீழே நிற்கும் லாபமே அசாதாரண ஆண்டின் லாபமாக இருந்தால், விகிதம் தானாகவே ஆரோக்கியமாகத் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணக்கு எதுவும் தேவையில்லை. கோவிட்டுக்கு முந்தைய 365 மில்லியன் லாபத்தை எடுத்துக்கொள்வோம். கம்பெனியின் பங்குகள் 2021 இறுதியில் ஏறத்தாழ எட்டு பில்லியன். ஒரு பங்குக்கு நாலரை சென் வருகிறது. அதில் பாதியை டிவிடெண்டாகக் கொடுத்தால் இரண்டேகால் சென். இரண்டரை ரிங்கிட் விலைக்கு அது ஒரு விழுக்காடு கூட இல்லை. செயலி காட்டியது 26, வழக்கமான ஆண்டின் லாபத்தை வைத்தால் 1க்கும் கீழே. உண்மை எங்கே போய் நிற்கும் என்று 2021 டிசம்பரில் யாருக்கும் உறுதியாகத் தெரிந்திருக்க முடியாது. ஆனால் 26க்கும் 1க்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைக் கணிப்பொறி இல்லாமலே அன்று தெரிந்துகொள்ள முடிந்தது. அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். கையுறைத் தொழிற்சாலைகள் உலகமெங்கும் பெருகின, விலை சரிந்தது, 2023 நிதியாண்டில் டாப் குளோவ் பெரும் நட்டத்தைக் காட்டியது, டிவிடெண்ட் நின்றது. 2022இன் நடுவிலேயே விலை ஒரு ரிங்கிட் அளவுக்கு வந்துவிட்டது.

இதில் கம்பெனியின் தவறு என்று எதுவும் எனக்குத் தெரியவில்லை. வந்த லாபத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள், அது நியாயம். கடந்த ஆண்டின் டிவிடெண்டை இன்றைய விலையால் வகுத்து, அதை அடுத்த ஆண்டுக்கான வாக்குறுதியாக நாம் படிப்பதுதான் பிரச்சினை. செயலியின் DY பெரும்பாலும் முடிந்துபோன பன்னிரண்டு மாதங்களைப் பற்றியது. நிலம் விற்றதால், துணை நிறுவனத்தை விற்றதால் ஒரே ஒருமுறை கொடுத்த சிறப்பு டிவிடெண்டும் அதற்குள்ளேயே கலந்திருக்கலாம். அதனால் செம்பனை, கையுறை, கப்பல், எஃகு போன்ற ஏறி இறங்கும் தொழில்களில் நான் ஓர் ஆண்டின் யீல்டைப் பார்ப்பதே இல்லை. ஏழெட்டு ஆண்டுகளின் லாபத்தைக் கூட்டிச் சராசரி எடுத்து, கம்பெனி தன் டிவிடெண்ட் கொள்கையாகச் சொல்லும் விகிதத்தால் பெருக்கி, அதை இன்றைய விலையால் வகுப்பேன். ஆண்டறிக்கையில் ஐந்தாண்டு நிதிச் சுருக்கம் என்று ஒரு பக்கம் இருக்கும், பழைய அறிக்கை ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் பத்து ஆண்டு கிடைத்துவிடும்.

சரி, இப்போது இரண்டாவது வழிக்கு வருகிறேன், பேஅவுட்டை ஏற்றி யீல்டை ஏற்றுவது. இங்கே பலர் 100 என்ற எண்ணைக் கோடாக வைத்துக்கொள்கிறார்கள். 100க்குக் கீழே என்றால் பாதுகாப்பு, மேலே என்றால் ஆபத்து. இந்தக் கோடு தவறான இடத்தில் போடப்பட்டது. லாபம் என்பது கணக்குப் புத்தகத்தின் முடிவு, டிவிடெண்ட் வங்கியிலிருந்து போகும் பணம். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமில்லை.

ஒரு தொழிற்சாலைக் கம்பெனியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நிகர லாபம் 50 மில்லியன் ரிங்கிட், டிவிடெண்ட் 30 மில்லியன். பேஅவுட் 60 விழுக்காடு, யாருக்கும் சந்தேகம் வராது. இப்போது பணப்புழக்க அறிக்கையைத் திறக்கிறோம். லாபம் 50 மில்லியன். தேய்மானம் வெறும் கணக்குப் பதிவுதான், பணமாக வெளியே போவதில்லை, ஆகவே அந்த 20 மில்லியனைத் திரும்பச் சேர்க்க வேண்டும். ஆக 70. ஆனால் வாடிக்கையாளர்கள் பணம் தர இழுத்தடிக்கிறார்கள், கிடங்கில் சரக்கு குவிகிறது, இந்த இரண்டிலும் 35 மில்லியன் போய் முடங்கிவிட்டது. மிச்சம் 35. அதிலிருந்து பழைய இயந்திரங்களை மாற்ற 25 மில்லியன் செலவு. கையில் இருப்பது 10 மில்லியன். கொடுத்த டிவிடெண்டோ 30. மீதி 20 மில்லியன் எங்கிருந்து வந்தது? அறிக்கையின் கடைசிப் பகுதியில் புதிய வங்கிக் கடன் என்று ஒரு வரி இருக்கும். பேஅவுட் 60 என்று காட்டிய கம்பெனி, உள்ளபடி தன் கைப்பணத்தைப் போல மூன்று மடங்கு கொடுத்திருக்கிறது.

ஓர் ஆண்டு இப்படி நடந்தால் நான் பயப்பட மாட்டேன். பெரிய ஆர்டர் ஒன்றுக்காகச் சரக்கு வாங்கி வைத்திருக்கலாம், பணம் அடுத்த காலாண்டில் வந்துவிடும். மூன்று ஆண்டு தொடர்ந்து இப்படியென்றால், அதே மூன்று ஆண்டில் கடனும் ஏறிக்கொண்டே போனால், அந்த டிவிடெண்ட் வங்கியின் பணம். வட்டி ஏறும்போதோ கடன் தவணை வரும்போதோ அது நின்றுவிடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பேஅவுட் 300 விழுக்காடு என்று ஒரு கம்பெனி தெரிகிறது. போய்ப் பார்த்தால், வெளிநாட்டில் வாங்கிய தொழில் ஒன்றின் மதிப்பைக் கணக்கில் 40 மில்லியன் குறைத்திருக்கிறார்கள். அதனால் லாபம் 50லிருந்து 10 மில்லியனுக்கு விழுந்தது. டிவிடெண்ட் வழக்கமான 30 மில்லியன். மதிப்பைக் குறைத்ததில் அந்த ஆண்டு ஒரு ரிங்கிட் கூட வெளியே போகவில்லை. இயந்திரச் செலவு போகக் கையில் 40 மில்லியன் வந்திருக்கிறது என்றால் டிவிடெண்ட் வசதியாகவே இருக்கிறது. அந்தத் தொழிலை அன்று அதிக விலைக்கு வாங்கியது ஏன் என்று நிர்வாகத்தைக் கேட்க வேண்டும்தான், ஆனால் அது வேறு கேள்வி.

சட்டம் இதைத் தடுக்காதா என்று கேட்கலாம். 2016ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி லாபத்திலிருந்துதான் டிவிடெண்ட் கொடுக்கலாம், கொடுத்த பிறகும் கம்பெனி தன் கடன்களை உரிய நேரத்தில் கட்டும் நிலையில் இருக்கும் என்று இயக்குநர்கள் திருப்தி அடைந்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் சோதனை பார்ப்பது அடுத்த பன்னிரண்டு மாதங்களைத்தான். அந்த லாபம் என்பதில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த பழைய லாபமும் அடக்கம். ஆகவே சட்டப்படி முற்றிலும் சரியான ஒரு டிவிடெண்ட், ஐந்தாண்டுக் கணக்கில் தாங்க முடியாததாக இருக்கலாம். அதைக் கவனிக்க வேண்டியது பங்குதாரர்தான்.

பணப்புழக்கம் சரியாக இருக்கும் கம்பெனியில் பேஅவுட் விகிதம் ஒரு நல்ல செய்தியைச் சொல்லும், டிவிடெண்டைத் தொடாமல் லாபம் எவ்வளவு விழலாம் என்பது. பேஅவுட் 40 என்றால், லாபம் 60 விழுக்காடு விழும்வரை அதே டிவிடெண்டை அந்த ஆண்டின் லாபத்திலிருந்தே கொடுக்கலாம். பேஅவுட் 95 என்றால் 5 விழுக்காட்டுச் சரிவே போதும், பழைய சேமிப்பில் கை வைக்க வேண்டும். மாதச் செலவுக்கு டிவிடெண்டை நம்பியிருப்பவர் யீல்டுக்கு முன்னால் இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் பேஅவுட் குறைவாக இருந்தால் எப்போதும் நல்லதா? இல்லை, இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நம் நாட்டில் ஒரு குடும்பத்தின் கையில் இருக்கும் சிறிய கம்பெனிகள் பல, லாபத்தில் பத்து, இருபது விழுக்காடு மட்டும் கொடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்கின்றன. வைத்துக்கொண்ட பணம் வளர்ச்சிக்கு என்பார்கள். அது உண்மையா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. ஐந்து ஆண்டுகளில் ஒரு பங்குக்கு எவ்வளவு லாபத்தைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டார்கள் என்று கூட்டுங்கள். ஆண்டுக்கு 16 சென் வீதம் 80 சென் என்று வைத்துக்கொள்வோம். அதே ஐந்தாண்டில் ஒரு பங்குக்கான லாபம் எவ்வளவு கூடியது? 20 சென்னிலிருந்து 22 சென். அதாவது நம்முடைய 80 சென்னை வைத்து ஆண்டுக்கு 2 சென் கூடுதலாகச் சம்பாதித்திருக்கிறார்கள். இரண்டரை விழுக்காடு. வங்கியின் நிரந்தர வைப்பில் போட்டிருந்தாலே ஏறத்தாழ அவ்வளவு கிடைத்திருக்கும். 20 சென் 32 சென்னாகியிருந்தால் கதை வேறு. 80க்கு 12, பதினைந்து விழுக்காடு. அப்படிப்பட்ட கம்பெனி ஒரு சென் கூடக் கொடுக்காவிட்டாலும் நான் சந்தோஷப்படுவேன். அந்தப் பணத்தை என்னால் வேறெங்கும் அந்த அளவுக்குப் பெருக்க முடியாது.

முதல் வகைக் கம்பெனியில் பங்குதாரர் செய்யக்கூடியது கொஞ்சம்தான். பொதுக்கூட்டத்தில் எழுந்து இந்தக் கணக்கைக் கேட்கலாம். ஆனால் இயக்குநர்கள் பரிந்துரைத்ததைவிட அதிக டிவிடெண்டைப் பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டு எடுத்துக்கொள்ள முடியாதபடிதான் பெரும்பாலான கம்பெனிகளின் விதிகள் இருக்கின்றன. ஆகவே வாங்குவதற்கு முன்னாலேயே இதைப் பார்ப்பது நல்லது.

இரண்டு இடங்களில் பேஅவுட் விகிதத்தை வேறு மாதிரி படிக்க வேண்டும். ஒன்று ரீட். பெரிய கடைத்தொகுதிகளையும் அலுவலகக் கட்டடங்களையும் வைத்திருக்கும் இந்த முதலீட்டு நிதியங்கள், வரிக்குரிய வருமானத்தில் குறைந்தது 90 விழுக்காட்டைப் பிரித்துக் கொடுத்தால் நிதிய அளவில் வருமான வரி கிடையாது. அதனால் பெரும்பாலான ரீட்களில் பேஅவுட் 90 அளவிலோ அதற்கு மேலோதான் இருக்கும். அது ஆபத்தின் அடையாளமும் இல்லை, தாராளத்தின் அடையாளமும் இல்லை. அங்கே கவனிக்க வேண்டியது, கடைகள் எத்தனை காலியாக இருக்கின்றன, குத்தகைகள் எந்த ஆண்டில் முடிகின்றன, கடனின் வட்டி எவ்வளவு என்பவை. இன்னொன்று டிவிடெண்ட் மறுமுதலீட்டுத் திட்டம். மேபேங்க் 2010இல் இதைத் தொடங்கியது, மற்ற சில வங்கிகளும் பின்னர் பயன்படுத்தின. டிவிடெண்டின் ஒரு பகுதியைப் பணத்துக்குப் பதில் புதிய பங்காக எடுத்துக்கொள்ளலாம். இந்தத் திட்டம் நடப்பில் இருக்கும் ஆண்டுகளில் பேஅவுட் 75, 80 என்று தெரிந்தாலும் வங்கியை விட்டு உண்மையில் வெளியேறிய பணம் அதைவிடக் குறைவு. பங்குகளின் எண்ணிக்கையும் ஏறும். பணமாகவே எடுத்துக்கொள்பவரின் பங்கு வங்கியில் மெல்லக் குறைந்துகொண்டே வரும். யீல்டு எண்ணில் இது தெரியாது.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப எதைத்தான் வாங்கறது, அதைச் சொல்லு" என்றார். பெயர் சொல்லவில்லை. இரண்டு விதமான கவுண்டர்களைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். ஒன்றின் யீல்டு 6.5 விழுக்காடு, பேஅவுட் 95. இன்னொன்றின் யீல்டு 3.5, பேஅவுட் 40. இரண்டாவது கம்பெனி பங்குதாரர் பணத்தில் ஆண்டுக்கு 14 விழுக்காடு சம்பாதிக்கிறது. அது வைத்துக்கொள்ளும் 60 விழுக்காட்டு லாபத்தையும் அதே 14 விழுக்காட்டில் பெருக்கினால், லாபமும் டிவிடெண்டும் ஆண்டுக்குச் சுமார் 8.4 விழுக்காடு வளரும். பத்து ஆண்டில் டிவிடெண்ட் இரண்டேகால் மடங்கு. இன்று 100 ரிங்கிட் போட்டவருக்கு 3.50 ரிங்கிட் கொடுப்பது அன்று ஏழே முக்கால் ரிங்கிட் கொடுக்கும். முதலாவது கம்பெனி கையில் எதையும் மிச்சம் வைத்துக்கொள்ளாததால், அதே 6.50 அல்லது கொஞ்சம் கூடக் குறைய.

ஆனால் 14 விழுக்காட்டைப் பத்து ஆண்டு விடாமல் சம்பாதிக்கும் கம்பெனிகள் அதிகம் இல்லை. புதிதாகப் போடும் பணத்துக்கு 8 விழுக்காடுதான் கிடைக்கிறது என்றால் வளர்ச்சி 4.8 ஆகிவிடும், பத்தாம் ஆண்டு டிவிடெண்ட் ஐந்தரை ரிங்கிட் சொச்சம். அப்போதும் முதலாவதை எட்டிப் பிடிக்காது. எனவே முப்பது வயதுக்காரருக்கு நான் சொல்வதையும் அத்தைக்குச் சொல்வதையும் ஒன்றாக வைக்க முடியாது. அவருக்கு வயது அறுபத்தெட்டு. இபிஎஃப் பணத்தை நூறு வயதுவரை உள்ளேயே வைத்திருக்கலாம், முதல் அசையாமல் ஏறத்தாழ அதே ஆறு விழுக்காடு அண்மை ஆண்டுகளில் வந்துகொண்டிருக்கிறது. 95 விழுக்காடு பேஅவுட்டில் 6.5 கொடுக்கும் பங்குக்காக அதை எடுப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. அரை விழுக்காடு அதிகம் கிடைக்கும், அதற்கு விலை சரிவையும் டிவிடெண்ட் வெட்டையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும். பங்கு வைத்திருக்க ஆசை என்றால், செலவுக்கு வேண்டாத ஒரு சிறு தொகையை இரண்டாவது வகையில் போட்டு, பேரப்பிள்ளைகளுக்கு என்று விட்டுவிடலாம் என்றேன்.

"அந்தப் பதினஞ்சு விழுக்காடு?" என்று விடாமல் கேட்டார். செயலியில் அந்தக் கவுண்டரின் பெயரைத் தொட்டு, புர்சா தளத்தில் அதன் அறிவிப்புகளைத் திறந்தோம். முந்தைய பன்னிரண்டு மாதங்களில் மூன்று டிவிடெண்ட் அறிவித்திருந்தார்கள். இரண்டு சிறியவை, ஒன்று மிகப் பெரியது. பெரியதன் பக்கத்தில் சிறப்பு டிவிடெண்ட் என்று போட்டிருந்தது. தொழிற்சாலை நிலத்தை விற்ற பணம். அதைக் கழித்துவிட்டு வகுத்தால் யீல்டு மூன்று விழுக்காட்டுக்குச் சற்று மேல். அத்தை அந்த எண்ணைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, பட்டியலில் அதற்கு அடுத்து இருந்த கவுண்டரின் பெயரைத் தொட்டார்.